மூக்கையூர் ஏன் தனியாக நிற்கிறது? டெண்ட்ரோகிராமை எங்கே வெட்டுவது

சார், நான் எம்.எஸ்ஸி. பிராஜெக்டுக்காக தொண்டியிலிருந்து மூக்கையூர் வரைக்கும் ஒன்பது மீன் இறங்குதளத்தில் எந்த மீன் எவ்வளவு கிலோ வந்ததுன்னு எடுத்திருக்கேன். ஒரு சென்டரில் பணம் கொடுத்து டெண்ட்ரோகிராம் போட்டு வாங்கினேன். படத்தில் எட்டு ஊர் ஒரே கலரில் இருக்கு, மூக்கையூர் மட்டும் தனி. அதனால இரண்டு குழுதான்னு அவங்க சொல்றாங்க. கைடு சாரோ, போன வருஷ தீசிஸில் மூன்று குழு இருந்தது, நீயும் மூன்றா வெட்டுன்னு சொல்றார். வைவாவில் ஏன் இங்கே வெட்டினாய்னு கேட்டா என்ன சொல்றது? மண்டபம் வடக்கும் பாம்பனும் படத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால ரெண்டும் ஒரே மாதிரின்னு எழுதலாமா?

முதலில் கடைசிக் கேள்வி, ஏனென்றால் அதை மட்டும் எழுதிவிட்டால் வைவாவில் வசமாக மாட்டிக்கொள்வீர்கள். எழுதாதீர்கள். டெண்ட்ரோகிராம் என்பது ஒத்த ஊர்களை முதலில் இணைத்து, ஒவ்வாதவற்றை மேலே போகப் போக இணைக்கும் மரப்படம்; இணைப்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வித்தியாசம். படத்தின் அடியில் ஊர்ப் பெயர்கள் இடமிருந்து வலமாக நிற்கும் வரிசைக்குப் பெரிய பொருள் கிடையாது. ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு கிளைகளை இடம் மாற்றித் தொங்கவிட்டாலும் அது அதே படம்தான். மண்டபம் வடக்கும் பாம்பனும் எவ்வளவு ஒத்தவை என்று பார்க்க வேண்டுமென்றால் ஒன்றின் அடியிலிருந்து கோட்டைப் பிடித்து மேலே ஏறி, இன்னொன்றின் கோட்டைச் சந்திக்கிற இடத்தின் உயரத்தைப் பக்கவாட்டு அளவுகோலில் படியுங்கள். உங்கள் படத்தில் அது 0.58. தொண்டியிலிருந்து ஏறி ஏர்வாடியைப் பிடித்தாலும் அதே 0.58தான். பாலம் பக்கத்தில் இருக்கிறது, ஊர் பக்கத்தில் இருக்கிறது என்பதெல்லாம் இங்கே எடுபடாது. ஒன்று பாக் விரிகுடாவான வடகடல் மீன், மற்றது மன்னார் வளைகுடாவான தென்கடல் மீன், அவ்வளவுதான்.

அடுத்து அந்தக் கலர். இதில் எனக்கு நிஜமாகவே எரிச்சல் வருகிறது. பைத்தானில் SciPy வைத்து இந்தப் படத்தைப் போட்டால், நாம் எதுவும் சொல்லாதபோது அது தானாகவே உச்ச இணைப்பின் உயரத்தில் 0.7 பங்கை எடுத்துக்கொண்டு, அதற்குக் கீழே இணைந்ததையெல்லாம் ஒரே நிறமாக்கிவிடும். `color_threshold` என்று அதற்குப் பெயர். உங்கள் படத்தில் உச்சம் 0.88, அதில் 0.7 பங்கு 0.616. வடகடலும் தென்கடலும் 0.58இல் இணைந்துவிட்டன, அது 0.616க்குக் கீழே. ஆகவே எட்டு ஊரும் ஒரே நிறம். இதில் மீனைப் பற்றிய முடிவு எதுவும் இல்லை, படம் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று மென்பொருள் எழுதியவர்கள் வைத்த ஒரு பெருக்கல் கணக்கு, அவ்வளவே. அதைப் பிரின்ட் எடுத்து ஸ்பைரல் போட்டு, இரண்டு குழு என்று பரிந்துரையும் எழுதிக் கொடுத்துப் பணம் வாங்குகிறார்கள். இப்படிப்பட்ட சென்டர்காரரிடம் படம் வாங்காதீர்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால் எந்த தூர அளவு, எந்த இணைப்பு முறை, எந்தக் கட்டளை என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் அவருக்கே தெரியாது என்று பொருள். (நல்ல வேளை, உங்களுக்குத் தந்த தாளின் ஓரத்தில் பிரே-கர்டிஸ் தூரம், சராசரி இணைப்பு என்று இருந்தது, அதாவது இரண்டு கிளைகளின் ஊர்களுக்கு இடையே உள்ள தூரங்களின் சராசரியை உயரமாக எடுக்கும் முறை. மீன் விவரத்துக்கு அது சரியான தேர்வுதான். வார்ட் என்ற இன்னொரு இணைப்பு முறையில் போட்டிருந்தால் கதை வேறு: அதில் உச்சிக் கிளைகள் எப்போதும் நீளமாகத்தான் வரும், ஒன்றுமில்லாத விவரத்திலும் அருமையான குழுக்கள் இருப்பது போலத் தெரியும்.)

சரி, எங்கே வெட்டுவது? பொதுவாகச் சொல்லப்படும் வழி இதுதான். இணைப்பு உயரங்களைக் கீழிருந்து மேலாக எழுதி, அடுத்தடுத்த இரண்டுக்கும் நடுவில் எங்கே பெரிய இடைவெளி இருக்கிறதோ அங்கே கிடைக்கோடு போட வேண்டும். அந்தக் கோடு எத்தனை செங்குத்துக் கோடுகளை வெட்டுகிறதோ அத்தனை குழு. உங்கள் படத்தின் எட்டு இணைப்புகள்: 0.12, 0.15, 0.18, 0.21, 0.29, 0.33, 0.58, 0.88. பெரிய இடைவெளி 0.58க்கும் 0.88க்கும் நடுவில், 0.30. அதற்கு அடுத்தது 0.33க்கும் 0.58க்கும் நடுவில், 0.25. விதியை அப்படியே பின்பற்றினால் சென்டர்காரர் சொன்ன அதே இரண்டு குழுதான் வருகிறது.

ஆனால் இந்த விதி உடைகிற இடம் ஒன்று உண்டு, நீங்கள் சரியாக அதில்தான் நிற்கிறீர்கள். உச்சியில் இணைவது ஒரே ஒரு ஊராக இருந்தால், அந்தப் பெரிய இடைவெளி குழுக்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, ஒரு ஊர் மட்டும் விநோதமாக இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. அப்போது முதல் வேலை வெட்டுவது அல்ல, அந்த ஊரின் வரிசையைத் திறந்து பார்ப்பது. உங்கள் அட்டவணையைப் பார்த்தேன். மற்ற எட்டு ஊரிலும் 60 நாள் கணக்கு, மூக்கையூரில் 6 நாள். கிலோவைக் கூட்டி அப்படியே கொடுத்திருக்கிறீர்கள். பிரே-கர்டிஸ் கணக்கு, மீன் மீனாக இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டி, அதை இரண்டு ஊரின் மொத்தக் கூட்டலால் வகுக்கிறது. இப்போது கீழக்கரையில் 1000 கிலோ, மூக்கையூரில் 100 கிலோ, இரண்டிலும் அதே மீன்கள் அதே விகிதத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 900, கூட்டல் 1100, விடை 0.82. மீனில் துளி வித்தியாசம் இல்லாமலே 0.82 வந்துவிட்டது! உங்கள் 0.88இல் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா? மூக்கையூர் கடல் வேறு அல்ல, அங்கே நீங்கள் போன நாள்தான் குறைவு.

இதற்கு மருந்து எளிது. ஒவ்வொரு ஊரின் கிலோவையும் அந்த ஊரின் மொத்தத்தால் வகுத்துப் பங்காக மாற்றிவிட்டு மறுபடி போட வேண்டும். ஆர் மென்பொருளில், ஊர்கள் வரிசையாகவும் மீன்கள் பத்தியாகவும் இருக்கும் அட்டவணை `x` என்றால்:

```r
p <- x / rowSums(x)
d <- vegan::vegdist(p, method = "bray")
h <- hclust(d, method = "average")
plot(h, hang = -1)
h$height
cutree(h, h = 0.44)
```

போட்டுப் பார்த்தேன். இப்போது உயரங்கள் 0.11, 0.14, 0.17, 0.19, 0.26, 0.30, 0.36, 0.52. மூக்கையூர் உச்சியிலிருந்து இறங்கி, பாம்பன், மண்டபம் தெற்கு, கீழக்கரை, ஏர்வாடி இருக்கும் தென்கடல் கிளையில் 0.36இல் போய்ச் சேர்ந்துகொண்டது. பெரிய இடைவெளி 0.36க்கும் 0.52க்கும் நடுவில். 0.44இல் வெட்டினால் இரண்டு குழு: வடகடலில் தொண்டி, தேவிபட்டினம், ராமேசுவரம், மண்டபம் வடக்கு, தென்கடலில் மற்ற ஐந்து. எண்ணிக்கை சென்டர்காரர் சொன்ன அதே இரண்டுதான், ஆனால் குழுக்கள் முற்றிலும் வேறு. எத்தனை குழு என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது.

பங்காக மாற்றியதில் இன்னொரு லாபம், உயரத்தை வாயால் சொல்ல முடியும். 0.52 என்றால், வடகடல் ஊர் ஒன்றையும் தென்கடல் ஊர் ஒன்றையும் எடுத்து வைத்தால் சராசரியாக 100 கிலோவில் 48 கிலோ இரண்டுக்கும் பொதுவான மீன், 52 கிலோ ஒத்துப்போகவில்லை. வைவாவில் இதைச் சொல்லுங்கள். டெண்ட்ரோகிராம் என்றால் என்ன என்று மனப்பாடமாக ஒப்பிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒரு எச்சரிக்கை. பங்காக மாற்றுவது அளவை மட்டும்தான் சரிசெய்யும், எந்தப் படகு எந்த வலை என்பதைச் சரிசெய்யாது. மூக்கையூரின் அந்த 6 நாளும் ஜனவரி, பிப்ரவரியில் இருந்ததால் தப்பித்தீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் இருந்திருந்தால், விசைப்படகு ஓடாமல் நாட்டுப்படகு மீன் மட்டும் கணக்கில் வந்திருக்கும். அப்போது எப்படி வகுத்தாலும் மூக்கையூர் தனியாகத்தான் நிற்கும், அந்தத் தனிமையும் பொய்யாகத்தான் இருக்கும். அப்படியிருந்தால் அந்த ஊரை விட்டுவிட்டு எட்டு ஊருக்கு மட்டும் படம் போட்டு, விட்ட காரணத்தை ஒரு வரியில் எழுதுவதுதான் முறை. சரி, இதெல்லாம் பார்த்தும் ஒரு ஊர் உச்சியிலேயே நின்றால்? நாள் எண்ணிக்கை சமம், காலம் ஒன்று, வலை ஒன்று, அளவு ஒன்று, அப்படியும் தனியாக நிற்கிறது என்றால் அது உண்மையிலேயே வேறு மாதிரி இடம். அதைத் தனியாகச் சொல்லிவிட்டு, மீதியுள்ள மரத்தில் இடைவெளியைத் தேடுங்கள். அதை ஒரு குழு என்று எழுத வேண்டாம், ஒற்றை ஊரை வைத்து எந்தக் குழுவின் குணத்தையும் சொல்ல முடியாது.

வெட்டிய இடம் நிற்குமா என்று பார்க்க ஒரு சோதனை போதும். அதிகம் விழும் மீனை, உங்கள் விவரத்தில் காரலை, எடுத்துவிட்டு மறுபடி பங்காக்கிப் படம் போடுங்கள். அடுத்து சூடையை எடுத்துவிட்டு ஒரு தடவை. நான் பார்த்தவரை வடகடல், தென்கடல் பிரிவு இரண்டிலும் அப்படியே நின்றது. ஆனால் தென்கடலுக்கு உள்ளே, காரல் போனவுடன் மூக்கையூர் பாம்பன் பக்கம் தாவிவிட்டது. ஒரு மீனை எடுத்தால் மாறுகிற கிளையை நம்பி வெட்டக் கூடாது. 0.30, 0.36 பக்கம் வெட்டாமல் இருப்பதற்கு இந்தக் காரணமே போதும்.

கைடு சாரின் மூன்றுக்கு வருவோம். போன வருஷ தீசிஸில் மூன்று இருந்ததால் இந்த வருஷமும் மூன்று என்பதை என்னவென்று சொல்வது! படிவத்தில் டெண்ட்ரோகிராம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, நிரப்பியாக வேண்டும், போன வருஷம் மாதிரியே நிரப்பினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், இப்படித்தான் பல துறைகளில் நடக்கிறது. நீங்கள் அவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். 0.33இல் வெட்டினால் மூன்று கிடைக்கும் என்று அவரிடம் காட்டுங்கள்: வடகடல் நான்கு, தென்கடல் நான்கு, மூக்கையூர் ஒன்று. மூன்றாவது குழு என்பது 6 நாள் கணக்கு உள்ள ஒரே ஊர் என்பதையும், காரலை எடுத்த படத்தையும் பக்கத்தில் வையுங்கள். அப்படியும் மூன்றுதான் வேண்டும் என்றால் அந்தப் படத்தைப் பின்னிணைப்பில் போட்டுவிட்டு, உள்ளே 0.44 கோடு போட்ட படத்தை வைத்து, அதன் அடியில் பங்காக மாற்றியது, பிரே-கர்டிஸ், சராசரி இணைப்பு, வெட்டிய உயரம் 0.44, இடைவெளி 0.36 முதல் 0.52 வரை என்று எழுதிவிடுங்கள். கலரை எடுத்துவிட்டு எல்லாக் கோட்டையும் கறுப்பிலேயே போடுங்கள்.