டெலே பி1 பேச்சுத் தேர்வு: ஒரு நிமிடத்தில் தீர்ந்துபோகும் பேச்சை நீட்டுவது எப்படி?

கேள்வி: "இரண்டு மாதத்தில் ஸ்பானிய மொழித் தேர்வான டெலேயின் இடைநிலை அளவான பி1 எழுதப் போகிறேன். படிப்பதும் எழுதுவதும் ஓரளவு வருகிறது. பேச்சில்தான் சிக்கல். தலைப்பு கொடுத்துப் பேசச் சொன்னால் ஒரு நிமிடம் பத்து நொடியில் முடிந்துவிடுகிறது. படத்தைப் பார்த்தால் 'ஒரு ஆண் இருக்கிறார், ஒரு பெண் இருக்கிறார், மேசை இருக்கிறது' என்று சொல்லிவிட்டு நிற்கிறேன். கடிகாரத்தை வைத்துப் பழகச் சொல்கிறார்கள். எப்படிப் பழகுவது?"

பதில்: முதலில் உங்கள் கடைசிப் பேச்சு ஒன்றைப் பதிவு செய்து, கேட்டபடியே தாளில் எழுதுங்கள். தயக்கங்கள், பாதியில் விட்ட வாக்கியங்கள் எல்லாவற்றையும் விடாமல் எழுதுங்கள். அப்புறம் சொற்களை எண்ணுங்கள். பி1 அளவில் இருப்பவர்கள் நிமிடத்துக்கு 80 முதல் 100 சொற்கள் பேசுவதை என் வகுப்புகளில் பார்க்கிறேன். 70 நொடியில் நீங்கள் 100 சொல்லுக்கு மேல் பேசியிருந்தால் உங்கள் நாக்கில் குறை இல்லை. சொல்ல விஷயம்தான் போதவில்லை. 50 சொல்தான் வந்திருக்கிறது என்றால் வாக்கியம் கட்டுவதிலேயே நேரம் போகிறது. உங்கள் கேள்வியைப் பார்த்தால் நீங்கள் முதல் வகை என்றே தோன்றுகிறது. அதை வைத்தே எழுதுகிறேன்.

பி1 பேச்சுத் தேர்வு சுமார் 15 நிமிடம். அதற்கு முன் தயாராக 15 நிமிடம் தருவார்கள். மொத்தம் நான்கு பணிகள். முதல் பணி, நீங்கள் தேர்ந்தெடுத்த தலைப்பில் 2 முதல் 3 நிமிடம் தனியாகப் பேசுவது. இரண்டாவது, அதே தலைப்பில் தேர்வாளருடன் உரையாடல். மூன்றாவது, ஒரு படத்தை 1 முதல் 2 நிமிடம் விவரித்துவிட்டு அதைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்வது. நான்காவது, அந்தப் படத்தை ஒட்டிய ஒரு சூழ்நிலையில் தேர்வாளரோடு நடித்துப் பேசுவது. இதில் தயாரிப்பு நேரம் தலைப்புப் பேச்சுக்கு மட்டும்தான். படத்தை அறைக்குள் போன பிறகுதான் பார்ப்பீர்கள். அதனால் இரண்டுக்கும் ஒரே மாதிரிப் பயிற்சி உதவாது.

தலைப்புப் பேச்சை எடுத்துக்கொள்வோம். தலைப்புத் தாளில் என்னென்ன தொட வேண்டும் என்று சில குறிப்புகள் இருக்கும். "மறக்க முடியாத ஒரு பயணம்" என்று வைத்துக்கொள்ளுங்கள்: எங்கே எப்போது போனீர்கள், யாரோடு, என்ன நடந்தது, எப்படி உணர்ந்தீர்கள், ஏன் இன்னும் நினைவில் இருக்கிறது. ஒரு நிமிடத்தில் முடித்துவிடுபவர்கள் எல்லாரும் இந்த ஐந்துக்கும் ஆளுக்கு ஒரு வாக்கியம் கொடுத்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். குறிப்பைக் கேள்வியாகவும் வாக்கியத்தைப் பதிலாகவும் எடுத்துக்கொள்வதால் வரும் கோளாறு இது.

ஒவ்வொரு குறிப்புக்கும் மூன்று வாக்கியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: செய்தி, அதன் விவரம், அதன் காரணம் அல்லது விளைவு. "யாரோடு" என்பதற்கு "என் அண்ணனோடு போனேன்" என்று நிறுத்தாமல் இப்படிப் போகலாம்: "என் அண்ணனோடு போனேன். அவன் வேறு ஊரில் வேலை பார்த்ததால் அதற்கு முன் நாங்கள் இருவரும் சேர்ந்து எங்கும் போனதே இல்லை. அதனால் ரயிலில் இரவு முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தோம்." இதை ஸ்பானியத்தில் சொல்லிப் பாருங்கள். 'போர்கே' (ஏனென்றால்), 'போர் எஸோ' (அதனால்) இரண்டும் தானாக வந்துவிடும். "போனதே இல்லை" என்பதற்கு ஒரு பழைய இறந்தகாலமும் "பேசிக்கொண்டே இருந்தோம்" என்பதற்கு இன்னொரு இறந்தகாலமும் தேவைப்படும். தேர்வாளர்கள் பார்ப்பது இதைத்தான். அறையில் இருவர் இருப்பார்கள். உங்களோடு பேசுபவர் ஒட்டுமொத்தமாக ஒரு மதிப்பெண் போடுவார். கேட்டுக்கொண்டிருப்பவர் கோர்வை, சரளம், பிழையின்மை, சொல்வளம் என்று நான்காகப் பிரித்துப் போடுவார். மூன்றாவது வாக்கியம் அந்த நான்கில் கோர்வைக்கும் சொல்வளத்துக்கும் நேராகப் போய்ச் சேர்கிறது.

கணக்கும் சரியாக வருகிறது. ஐந்து குறிப்புக்கு 15 வாக்கியம், தொடங்க 2, முடிக்க 2, மொத்தம் 19. வாக்கியத்துக்கு 11 சொல் என்றால் ஏறத்தாழ 210 சொல். நிமிடத்துக்கு 90 என்ற வேகத்தில் 2 நிமிடம் 20 நொடி. கேட்ட நேரத்துக்குள் வசதியாக நிற்கிறது; நடுவில் தடுமாறினாலும் இடம் இருக்கிறது.

தயாரிப்பு நேரமான 15 நிமிடத்தில் முழு வாக்கியங்களாக எழுதிவிடாதீர்கள். குறிப்பை உள்ளே எடுத்துப்போய் அவ்வப்போது பார்க்கலாம், ஆனால் வாசிக்கக் கூடாது. முழுதாக எழுதியவர்களின் கண் தாளை விட்டு எழுவதே இல்லை. நான் சொல்லித்தரும் முறை இது: தலைப்பைத் தேர்ந்தெடுக்க 2 நிமிடம், குறிப்பு எழுத 8 நிமிடம், மீதி 5 நிமிடம் உதடு மட்டும் அசைய இரண்டு முறை பேசிப் பார்ப்பது. குறிப்பில் பெயர்ச்சொற்களை விட வினைச்சொற்களை எழுதுங்கள், அதுவும் வேண்டிய காலத்திலேயே. பயணத் தலைப்பில் எல்லாரும் வழுக்கும் இடம் இரண்டு இறந்தகாலங்கள். நடந்து முடிந்த நிகழ்ச்சிக்கு இந்தெஃபினிதோ, பின்னணிக்கும் மனநிலைக்கும் இம்பெர்ஃபெக்தோ. அதனால் தாளில் 'பெர்திமோஸ் எல் த்ரென்' (ரயிலைத் தவறவிட்டோம்), 'யோவியா' (மழை பெய்துகொண்டிருந்தது), 'தெனியா மியேதோ' (பயமாக இருந்தது) என்று மட்டும் இருந்தால் போதும். காலம் சரியாக இருந்தால் மற்றதை வாய் கட்டிக்கொள்ளும்.

இங்கே கடிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே பேச்சை 4 நிமிடம், 3 நிமிடம், 2 நிமிடம் என்று குறைத்துக்கொண்டே போகும் பயிற்சி பிரபலமானது. திக்கித் திக்கிப் பேசுபவர்களுக்கு அது நல்லது. உங்களுக்கு இப்போது அது வேண்டாம். விஷயம் குறைவாக இருப்பவர் நேரத்தையும் குறைத்தால் இன்னும் வறண்டுபோவார். நீங்கள் மறுபக்கம் போங்கள். முதல் முறை 1 நிமிடம் 30 நொடி, அதே தலைப்பில் இரண்டாம் முறை 2 நிமிடம், மூன்றாம் முறை 2 நிமிடம் 30 நொடி. ஒவ்வொரு முறையும் புதிய குறிப்பைச் சேர்க்காமல், இருக்கும் குறிப்புகளில் விட்டுப்போன காரணங்களைச் சேருங்கள். கடிகாரம் கண்ணில் படாமல் திருப்பி வையுங்கள், மணி மட்டும் அடிக்கட்டும். இரண்டரை நிமிடம் எவ்வளவு நீளம் என்று உடம்புக்குத் தெரிய இரண்டு வாரம் ஆகும்.

சரி, படத்துக்கு வருவோம். இங்கே தயாரிப்பு கிடையாது. கண் போகும் பாதை முன்பே பழகியிருக்க வேண்டும். இரண்டு படங்கள் தருவார்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அழகான படத்தை எடுக்காதீர்கள். ஆட்கள் ஏதாவது செய்துகொண்டிருக்கும் படத்தை எடுங்கள். ஒரு கடையில் ஒரு பெண் காலணிப் பெட்டியை விற்பனையாளரிடம் நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாக்கியம் முழுப் படத்துக்கும்: இது ஒரு காலணிக் கடை, இருவர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்து ஆட்கள்: வயது, தோற்றம், உடை. பிறகு செயல். பிறகு இடமும் பொருட்களும், இடமிருந்து வலமாக. கடைசியில் ஊகம்: என்ன நடந்திருக்கும், என்ன பேசுகிறார்கள், அடுத்து என்ன ஆகும்.

நீங்கள் நிற்கும் இடம் எதுவென்று கேள்வியிலேயே தெரிகிறது. "இருக்கிறார், இருக்கிறார், இருக்கிறது" என்று முடித்துவிடுகிறீர்கள். தமிழில் "இருக்கிறது" என்று ஒரே வினை செய்யும் வேலையை ஸ்பானியத்தில் இரண்டு வினைகள் பகிர்ந்துகொள்கின்றன. முதல்முறை அறிமுகப்படுத்தும்போது 'ஆய்': "ஆய் ஊனா முஹேர்", ஒரு பெண் இருக்கிறார். அறிமுகமானவர் எங்கே, எப்படி இருக்கிறார் என்பதற்கு 'எஸ்தா': "லா முஹேர் எஸ்தா தே பியே", அந்தப் பெண் நின்றுகொண்டிருக்கிறார். "எஸ்தா ஊனா முஹேர்" என்று தொடங்கினால் காதில் உடனே இடறும். ஒவ்வொரு 'ஆய்' வாக்கியத்துக்கும் பின்னால் ஒரு 'எஸ்தா' வாக்கியம் கட்டாயம் என்று பழகிவிட்டால் பிழையும் போகும், விவரிப்பும் இரண்டு மடங்காகும். இன்னொரு பள்ளம்: உட்கார்ந்திருப்பதைச் சொல்ல "எஸ்தா செந்தாந்தோ" என்று வருவது. நடந்துகொண்டிருக்கும் செயலுக்குத்தான் அந்த வடிவம். உட்கார்ந்த நிலைக்கு "எஸ்தா செந்தாதோ", பெண்ணானால் "செந்தாதா".

சொல் தெரியாவிட்டால் நிற்காதீர்கள். கல்லாவுக்கு முன்னுள்ள மேடைக்கு ஸ்பானியத்தில் 'மொஸ்த்ரதோர்'. மறந்துவிட்டால் "பணம் கட்டும் மேசை" என்று சொல்லிவிட்டுப் போங்கள். சுற்றிச் சொல்லத் தெரிவது இந்த அளவில் ஒரு திறமையாகவே எண்ணப்படும். எட்டு நொடி மௌனம்தான் சரளத்தில் மதிப்பெண்ணைத் தின்னும்.

ஊகப் பகுதியில்தான் படம் நீளும், அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 'கிரேயோ கே' (நினைக்கிறேன்), 'பரேஸே கே' (போலத் தெரிகிறது), 'ஆ லோ மெஹோர்' (ஒருவேளை) மூன்றும் போதும். மூன்றுக்கும் பின்னால் சாதாரண வினை வடிவமே வரும், ஐயத்தையும் விருப்பத்தையும் சொல்லும் சுப்ஹுந்தீவோ வடிவம் தேவையில்லை. அதனால்தான் பதற்றமான நேரத்துக்கு இவற்றைச் சொல்கிறேன். "அந்தப் பெண் கோபமாக இருப்பதுபோலத் தெரிகிறது. ஒருவேளை காலணி அவருக்குச் சிறியதாக இருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்கிறார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கையில் ரசீது இருக்கிறது." ஊகத்துக்குப் பின்னால் படத்திலிருந்தே ஒரு சான்று, அவ்வளவுதான். இதற்கு இன்னொரு பலனும் உண்டு. நான்காவது பணி இதே கடையில் பொருளை மாற்றச் சொல்வதாக வரலாம். அளவு, ரசீது, பணத்தைத் திருப்பித் தருவது என்ற சொற்கள் அப்போது நாக்கில் ஏற்கெனவே இருக்கும்.

தினமும் பயிற்சிக்கு 20 நிமிடம் போதும். படம் இரண்டு: பார்த்து பத்து நொடிக்குள் வாயைத் திறந்துவிட வேண்டும், இலக்கு 1 நிமிடம் 30 நொடி. பிறகு ஒரு தலைப்பு, 5 நிமிடத் தயாரிப்போடு. வார நாட்களில் தயாரிப்பை இப்படிச் சுருக்கினால் தேர்வு நாளின் 15 நிமிடம் தாராளமாகத் தோன்றும். வாரம் ஒரு முறை மட்டும் முழுத் தேர்வையும் நடத்திப் பாருங்கள், எதிரே கேள்வி கேட்க ஓர் ஆளோடு. தனியாகவே பழகினால் இரண்டாவது பணியில் மாட்டிக்கொள்வீர்கள். மனப்பாடமாகப் பேசியவர் முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடுவார்.

பதிவுகளைத் திரும்பக் கேட்கும்போது ஒரு வாரத்துக்கு ஒரு பிழையை மட்டும் தேடுங்கள். முதல் வாரம் 'ஆய்', 'எஸ்தா'. இரண்டாம் வாரம் இறந்தகாலங்கள். மூன்றாம் வாரம் 'போர்கே' எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். இரண்டரை நிமிடப் பேச்சில் அது நான்குக்குக் கீழே இருந்தால், மூன்றாவது வாக்கியங்களை இன்னும் விழுங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.