ஊசி போட்ட பிறகும் கோமாரி: கருத்தரங்கில் எதைக் கேட்பது?

"ஐயா, ஆறு கறவை மாடும் மூன்று கன்றும் வைத்திருக்கிறேன். கோமாரித் தடுப்பூசி முகாமுக்கு ஆறு நாள் முன்னால் சந்தையில் ஒரு மாடு வாங்கினேன், அதுவும் அந்த ஆறில் ஒன்று. முகாமில் ஊசி போட்ட ஐந்தாம் நாள் அந்த மாட்டுக்குக் கோமாரி வந்தது. அடுத்த பத்து நாளில் இன்னும் மூன்று மாடு படுத்தன. இரண்டு மாதக் கன்று ஒன்று செத்தும் போயிற்று. மருந்துக்கே 14,000 ரூபாய் ஆனது. ஊசியே போடாத பக்கத்து வீட்டு மாடு நன்றாக இருக்கிறது. அடுத்த மாதம் எங்கள் மாவட்டத்தில் கால்நடை மருத்துவக் கருத்தரங்கு நடக்கிறது, விவசாயிகள் கேள்வி கேட்கலாமாம். அரசு ஊசி தரமில்லையா, இனிமேல் மருந்துக் கடையில் வாங்கிப் போடலாமா என்று கேட்கப் போகிறேன். சரிதானே?"

கேளுங்கள், தப்பில்லை. மேடையில் இருப்பவர் "ஊசி தரமானதுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் மைக்கைக் கொடுத்துவிடுவார். உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. கடிதம் வந்ததும் உங்களைப் போனில் கூப்பிட்டு நான்கு விஷயம் கேட்டேனே, அங்கிருந்து வருவோம்.

படுத்த நான்கு மாடு எவை? ஒன்று சந்தை மாடு. இன்னும் இரண்டு மாடு நான்கைந்து மாதச் சினை; கன்று விழுந்துவிடும் என்று பயந்து முகாமன்று நீங்களே கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிவிட்டீர்கள். நான்காவது தலையீற்று மாடு, அதற்கு வாழ்நாளில் விழுந்த முதல் ஊசியே இந்த முகாமில்தான். தப்பியவை எவை? ஒரு முகாமும் விடாமல் ஊசி போட்ட இரண்டு பழைய மாடுகள். ஒரே கொட்டகை, ஒரே தொட்டித் தண்ணீர், ஒரே ஆள் கறக்கிறார், இருந்தும் அந்த இரண்டின் வாயிலும் ஒரு கொப்புளம் இல்லை. தரமில்லாத ஊசி எப்படி அந்த இரண்டை மட்டும் பார்த்துக் காப்பாற்றியது?

கோமாரிக் கிருமி உடம்புக்குள் போய் 2 முதல் 14 நாளுக்குள் நோயாக வெளியே வரும். சந்தை மாடு வந்து பதினோராம் நாள் எச்சில் ஒழுக ஆரம்பித்தது. அதாவது ஊசி போடும்போதே கிருமி அனேகமாக உள்ளே இருந்திருக்கிறது. இந்த ஊசியில் இருப்பது கொல்லப்பட்ட கிருமி, அதனால் நோயை உண்டாக்க முடியாது. முதல் முறை போடும் மாட்டுக்கு எதிர்ப்புச் சக்தி கூடிவர இரண்டு, மூன்று வாரம் ஆகும், அதுவும் அரைகுறையாகத்தான். உங்கள் தலையீற்று மாட்டுக்கு அந்த அவகாசமே கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு மாடு தப்பியதற்குக் காரணம் அந்த வீட்டுக்குச் சந்தை மாடு வரவில்லை என்பதுதான், வேறு ஒன்றுமில்லை.

கடை ஊசி பற்றிக் கேட்டீர்கள். இந்த ஊசியை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைத்திருக்க வேண்டும், உறையவும் விடக் கூடாது. எங்கள் பக்கத்தில் ஒரு கடைக்காரர் குப்பியைப் பாலித்தீன் பையில் ஐஸ் கட்டியோடு சேர்த்துக் கட்டிக் கொடுப்பார். வாங்கியவர் அதை பைக்கில் மாட்டிக்கொண்டு, வழியில் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார். ஐஸ் கட்டியில் நேராக ஒட்டிய பக்கம் உறைந்திருக்கும், மறு பக்கம் வெயிலில் சுட்டிருக்கும். எண்ணெய் கலந்த ஊசி இது. நல்ல குப்பியை மெல்லக் குலுக்கினால் பால் போல ஒரே வெள்ளையாக இருக்கும். எண்ணெய் தனியாகவும் தண்ணீர் தனியாகவும் பிரிந்து நின்றால் அது ஊசியே இல்லை, குழியில் போட்டு மூடுங்கள். மூடி திறந்த குப்பியை அன்றைக்கே தீர்க்க வேண்டும். "மிச்சம் பிரிட்ஜில் இருக்கு, அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லும் கடையில் எதையுமே வாங்காதீர்கள். முகாமுக்கு வருபவரிடமும் குளிர்ப்பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லலாம், மாட்டுக்கு மாடு ஊசிமுனையை மாற்றுகிறாரா என்று நின்று பார்க்கலாம். அது உங்கள் உரிமை. பார்க்காமல் விட்டுவிட்டு நோய் வந்த பிறகு தரம் பேசி என்ன செய்ய?

இப்போது நான் எங்கே போனாலும் அடம்பிடிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் 'விட்டுப்போன மாடு'. நாற்பது வருடமாகக் கோமாரி வந்த கொட்டகைகளில் நுழைந்திருக்கிறேன். உள்ளே போனதும் முதலில் கேட்பது, "இதில் எந்த மாட்டை விட்டீங்க?" என்றுதான். அனேகமாக ஒரு விரல் நீளும். சினை என்று விட்டது, 'இருபது லிட்டர் கறக்குது, பால் குறைஞ்சிடும்' என்று விட்டது, முகாமன்று மேய்ச்சலுக்குப் போயிருந்தது, சின்னக் கன்று என்று விட்டது. ஒரு ஊரில் நூறு மாட்டில் எண்பதாவது எதிர்ப்போடு இருந்தால்தான் நோய் பரவ வழியில்லாமல் அடங்கும் என்பார்கள். ஆறு மாட்டில் நான்கு விட்டுப்போன கொட்டகை ஈர வைக்கோல் இல்லை, காய்ந்த வைக்கோல்.

சினை மாட்டுக்குப் போடலாம். ஊசியால் கன்று விழாது, மாட்டைக் கட்டிப் புரட்டி மல்லுக்கட்டினால் விழும். நிறைமாதம் என்றால் டாக்டரே தள்ளிப்போடச் சொல்வார், அது நியாயம்தான். ஆனால் தள்ளிப்போட்ட மாட்டைக் கன்று ஈன்றதும் கூட்டிக்கொண்டு போய் ஊசி போட்டவரை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். உங்களுடையது நிறைமாதம்கூட இல்லை. நீங்கள் பயந்த கன்று வீச்சு கோமாரிக் காய்ச்சலிலேயே வரும், இரண்டும் இதுவரை தாங்கியது உங்கள் அதிர்ஷ்டம்.

பால் குறையும் என்பது உண்மை. ஊசி போட்டால் மூன்று நாள் போல ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் குறையும். லிட்டர் 35 ரூபாய் என்று நீங்கள் சொன்ன கணக்குப்படி மாட்டுக்கு அதிகம் போனால் 210 ரூபாய். இரண்டு சினை மாட்டிலும் சேர்த்து 420 ரூபாயை மிச்சப்படுத்தினீர்கள். நோய் எடுத்த கணக்கைப் பாருங்கள். பத்து லிட்டர் கறந்த மாடு மூன்றுக்கு இறங்கி இருபது நாள் நின்றது. மாட்டுக்கு 140 லிட்டர், 4,900 ரூபாய். நான்கு மாட்டுக்கு 19,600. தேறிய பிறகும் பழைய அளவுக்கு வரவில்லை, மூன்று லிட்டர் குறைவு என்றீர்கள். இன்னும் இரண்டு மாதம் அப்படியே ஓடினால் நான்கு மாட்டுக்கு 25,200. மருந்துச் செலவையும் சேர்த்தால் 58,800 ரூபாய். கன்று இதில் சேரவில்லை.

அந்த 14,000 ரூபாய் பில்லை நீங்கள் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தீர்கள். கோமாரிக் கிருமியைக் கொல்ல மருந்து கிடையாது. புண்ணில் சீழ் பிடிக்காமல் இருக்கவும் காய்ச்சல் இறங்கவும் நாலைந்து நாள் ஊசி தேவை, அது பில்லில் கால்வாசிகூட இல்லை. மற்றதெல்லாம் டானிக், கல்லீரல் சிரப், 'எதிர்ப்புச் சக்தி' பவுடர். படம் போட்ட டப்பாவை விற்றால் கடைக்காரருக்கு என்ன கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன். வாய்ப்புண்ணுக்குச் சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள்தூள் ஒவ்வொன்றும் 10 கிராம், நான்கு பல் பூண்டு, இவற்றை அரைத்து ஒரு தேங்காய்த் துருவலும் 120 கிராம் வெல்லமும் கலந்து நாக்கில் தடவினால் மாடு தீனி எடுக்கும். கால்நடைப் பல்கலைக்கழகத்தாரே சொல்லிக்கொடுப்பதுதான். நோயை இது நிறுத்தாது, மாடு பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொள்ளும்.

கன்று விஷயம் மனசுக்குக் கஷ்டமானது, இருந்தாலும் சொல்லியாக வேண்டும். காலையில் துள்ளிக்கொண்டிருந்தது, பால் குடிக்கும்போதே சுருண்டு விழுந்தது என்றீர்கள். கன்றுக்குக் கோமாரி வாயைவிட இதயத்தைத்தான் முதலில் பிடிக்கும், வாயில் புண் வரும் முன்பே போய்விடும். நோய் வந்த தாயின் பாலிலும் கிருமி இருக்கிறது. தாய் படுத்த அன்றே கன்றைப் பிரித்து, நோயில்லாத மாட்டின் பாலைக் காய்ச்சி ஆற்றிக் கொடுத்திருக்க வேண்டும். யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை, பில் போட்டவரும் சொல்லவில்லை.

சரி, கருத்தரங்கில் எதைக் கேட்பது? கன்றுக்கு நான்காம் மாதம் முடிந்ததும் முதல் ஊசி, அதிலிருந்து ஒரு மாதத்தில் ஊக்க ஊசி, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. அட்டவணை இப்படி. ஆனால் முகாமே ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. நடுவில் அந்த ஊக்க ஊசியை யார் வந்து போடுவது? கால்நடை மருந்தகத்துக்குக் கன்றை ஓட்டிப் போனால் "முகாமில் வாங்க" என்கிறார்கள். உங்கள் தலையீற்று மாடு கன்றாக இருந்தபோது விட்டுப்போனதும் இப்படித்தான். இந்த ஒரு கேள்வியை எழுந்து நின்று கேளுங்கள், பதில் வரும் வரை உட்காராதீர்கள். சந்தையில் ஊசி விவரம் தெரியாமல் வாங்கும் மாட்டுக்கும் இதே இரண்டு ஊசிக் கணக்குத்தான் என்பதால், அதற்கும் சேர்த்துக் கேளுங்கள்.

புது மாட்டைக் கட்ட கொட்டகையை விட்டுத் தள்ளி ஒரு வேப்பமரம் போதும். மூன்று வாரம் அங்கேயே தீனி, தண்ணீர். பழைய மாடுகளைக் கறந்து முடித்த பிறகுதான் அதைக் கறக்க வேண்டும். காலும் கையும் கழுவ, பத்து லிட்டர் வாளித் தண்ணீரில் 400 கிராம் சலவைச் சோடா போடுங்கள். சமையல் சோடா இல்லை, துணிக்குப் போடும் சோடா. கோமாரிக் கிருமிக்குக் காரமும் ஆகாது, புளிப்பும் ஆகாது, அதனால் இந்த மலிவுத் தண்ணீர் நன்றாக வேலை செய்யும்.

தேறிய மாட்டின் தொண்டையில் கிருமி மாதக்கணக்கில், சிலதில் வருடக்கணக்கில் தங்கும். வெயில் காலத்தில் அந்த மாடு நாய் போல இரைக்கலாம், ரோமம் கம்பளி போல நீளலாம்.  அதனால் நீங்கள் இப்போதைக்கு உங்கள் மாடுகளைச் சந்தைக்கு ஓட்டாதீர்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஒவ்வொரு மாட்டின் காதுத் தோட்டில் இருக்கும் 12 இலக்க எண்ணையும் பக்கத்துக்கு ஒன்றாக எழுதுங்கள். மிச்சமுள்ள இரண்டு கன்றில் மூத்ததற்கு வருகிற 20ஆம் தேதியோடு நான்கு மாதம் முடிகிறது என்றீர்கள். அதன் பக்கத்தில் அந்தத் தேதியையும் அதற்கு ஒரு மாதம் கழித்து வரும் தேதியையும் எழுதி, கருத்தரங்குக்கு நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.