தறிச் சத்தமும் கொண்டக்டர் குரலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் ‘பின்வாசல்’ கதையை வாசித்தேன். ஓய்வுபெற்ற கொண்டக்டர் யூடியூப்பில் சொல்லும் கதைகளை யாரும் பார்ப்பதில்லை, கேட்க மட்டும் செய்கிறார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியவருகிறது? திரையைப் பூட்டினால் யூடியூப் நின்றுவிடுமே. தெரிந்த பின்னும் ஏன் மடிப்புக் கலையாத சட்டையோடு கமராவின் முன் உட்காருகிறார்? ஒலியாக மட்டும் போட்டுவிடலாமே.

ஒரு வாசகி, அக்கரைப்பற்று

அன்புள்ள சகோதரி,

காசு கட்டாதவர்களுக்கு நின்றுவிடும் என்பது சரிதான். ஆகவேதான் கதை கேட்டபடி நெய்யும் என் மருதமுனை நெசவாளி திரையை அணையவிடாமல் போனைப் பக்கத்து வாங்கில் கவிழ்த்து வைக்கிறார். அவருடைய கண் பாவின் மேல் இருந்தாக வேண்டும். ஓர் இழை அறுந்ததைக் கவனியாமல் நெய்தால் சாரத்தில் நெடுகக் கோடு விழும். யூடியூப்பின் கணக்கில் அவரும் பார்த்தவர்தான். பார்த்தவரையும் கேட்டவரையும் அது பிரித்துச் சொல்லாது.

கொண்டக்டருக்கு முதலில் துப்புக் கொடுப்பது மௌனம். ஒரு கதையின் நடுவே பழைய சிவப்பு இ.போ.ச. பஸ்ஸின் படத்தை இருபது விநாடி பேசாமல் காட்டுகிறார். எத்தனை பேர் எஞ்சியிருக்கிறார்கள் என்பதைக் காட்டும் கோடு அந்த இடத்தில் சரிகிறது. படம் பிடிக்கவில்லை போலும் என்று நினைக்கிறார். கீழே ஒருவர், “டேட்டா முடிந்துவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன்” என்று எழுதுகிறார். படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அந்தச் சந்தேகம் வராது. “பாலத்துக்கு இந்தப் பக்கம்” என்று அவர் கையைக் காட்டிய இடத்தில், “எந்தப் பக்கம், கல்லடியா டவுனா?” என்று இன்னொருவர் கேட்கிறார்.

நான் விரும்பி எழுதிய பகுதி கிழவியின் கதை. “அந்தக் கிழவி கடைசிவரைக்கும் டிக்கெட் எடுத்தது இல்லை” என்கிறார் கொண்டக்டர். கடைசிச் சொல்லைத் தறி விழுங்கிவிடுகிறது. நெசவாளியோ கிழவியின் நேர்மையைப் பாராட்டிக் குறிப்பு எழுதுகிறார்! நம் மொழியில் ஆம், இல்லை என்பது வாக்கியத்தின் வாலில் அல்லவா வருகிறது? அடுத்த முறை கொண்டக்டர் இப்படிச் சொல்கிறார்: “டிக்கெட் எடுக்கவில்லை கிழவி. களுதாவளை தாண்டியும் எடுக்கவில்லை. செட்டிபாளையத்திலும் எடுக்கவில்லை.” இதை அவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. கல்முனை பஸ்ஸின் பின்வாசலில் நின்றவரை எந்தப் பயணி திரும்பிப் பார்த்தார்? ஊர்ப்பெயரை இரண்டு தரம் கூவுவார். முதல் தரம் இஞ்சினுக்குப் போய்விடும். தூங்கியவர் எழுவது இரண்டாவதில்.

ஒலியாக மட்டும் போடும் யோசனையைக் கதையில் பேரனே சொல்கிறான், செய்தும் பார்க்கிறார்கள். சட்டையில்லாமல் சாய்மனைக் கதிரையில் படுத்துக்கொண்டு சொன்ன அந்தக் கதை செய்தி வாசிப்பைப் போல வருகிறது. கை எழாதபோது குரலும் எழவில்லை. ஒரே பத்தியில் அதை முடித்துவிட்டேன், நீங்கள் வேகமாகத் தாண்டியிருக்கலாம். அதற்கு நெசவாளியிடமிருந்து வந்த குறிப்பு: “ஐயாவுக்கு உடம்பு சுகமில்லையா?”