பிஜி அறையைக் காலி செய்தால் அட்வான்ஸ் எவ்வளவு திரும்பும்?

"ஓசூர்ல பிஜியைக் காலி பண்றேன். அட்வான்ஸ் முழுசா வருமா?"

அது நோட்டீஸையும் அறையின் நிலையையும் பொறுத்தது. நோட்டீஸ் என்பது கிளம்பும் தேதியை முன்கூட்டியே சொல்வது, பெரும்பாலும் ஒரு மாதம். அதற்குள் உரிமையாளர் அடுத்த ஆளைப் பிடிக்க வேண்டும். கட்டில் சும்மா கிடந்தால் அவருக்கு நட்டம்.

சிப்காட் பக்கம் வாடகை 6,000, அட்வான்ஸ் 12,000 என்று வைத்துக்கொள்வோம். 20 நாள் முன்புதான் சொன்னீர்கள் என்றால், குறைந்த 10 நாளுக்கு 2,000 பிடிப்பார்கள். அப்புறம் அறையைப் பார்ப்பார்கள், கல்யாணத்துக்கு எடுத்த வாடகைப் பாத்திரத்தை எண்ணி வாங்குவதுபோல. அலமாரிச் சாவி தொலைந்ததற்கு 300 போனால் மீதி 9,700. மங்கிய சுவரும் தேய்ந்த குழாயும் புழக்கத்தில் வருபவை, அதற்குப் பிடிப்பது நியாயமில்லை. பெட்டி கட்டுமுன் அறையை ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள், வாக்குவாதம் பாதி குறையும்.

கடைசி மாத வாடகை அட்வான்ஸில் தானாகவே கழிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள்; உரிமையாளர் ஒப்புக்கொண்டால்தான் கழியும்.