அறையில் வைக்கும் வரவேற்பு அட்டையில் என்ன எழுதுவது?

"ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் ஊர்ப் பக்கம் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை ஹோம்ஸ்டேயாக விடப்போகிறோம். வருகிறவர்களுக்கு அறையில் ஒரு வரவேற்பு அட்டை வைக்கலாம் என்று இருக்கிறேன். அதில் என்னதான் எழுத வேண்டும்?"

நானும் மண்டபத்தில்தான் மாடி அறைகளை விட்டுக்கொண்டிருக்கிறேன். முதலில் தண்ணீரைப் பற்றி எழுதுங்கள், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

என் முதல் அட்டையில் தண்ணீர் பற்றி ஒரு வரிகூட இல்லை. நல்வரவு, வைஃபை கடவுச்சொல், பார்க்க வேண்டிய இடங்கள் என்று பக்கம் முழுக்க எழுதியிருந்தேன். ஒரு நாள் ராத்திரி ரயிலில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வந்தது. களைப்பில் இருந்தவர்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டு நான் கீழே வந்துவிட்டேன். பன்னிரண்டரை மணிக்கு போன். கெட்டிலில் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிப் பால் மாவு கலந்திருக்கிறார்கள், குழந்தை வாயில் வைத்ததும் துப்பிவிட்டது. அம்மா ருசி பார்த்தபோதுதான் உப்பு தெரிந்திருக்கிறது. காய்ச்சினால் கிருமிதான் சாகும், உப்பு போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கரிப்பு கூடத்தான் செய்யும். நமக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம் என்பதால், கோயம்புத்தூரிலிருந்து வருகிறவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அது முழுக்க என் தவறு. மறுநாள் காலையிலேயே அட்டையை மாற்றினேன். இப்போது அதன் தொடக்கம் இப்படி இருக்கிறது:

"வாங்க. குடிக்க, மேசை மேல் இருக்கும் கேன் தண்ணீர் மட்டும். குழாயில் வருவது போர் தண்ணீர், உப்பாக இருக்கும். குளிக்கலாம், துணி அலசலாம், சோப்பு அவ்வளவாக நுரைக்காது. கெட்டிலுக்கும் குழந்தைக்குப் பால் கலக்கவும் கேன் தண்ணீரையே எடுங்கள். தீர்ந்துவிட்டால் எந்நேரமும் கூப்பிடுங்கள், கீழ் வீட்டில்தான் இருக்கிறோம்."

சோப்பு நுரைக்காது என்பதை விட்டுவிடாதீர்கள். அதைச் சொல்லாவிட்டால் பாதிப் பேர் அறையில் வைத்த சோப்பு மட்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது கடல். வெளியூர்க்காரர்களுக்குக் கடல் என்றால் ஒன்றுதான், நமக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என்று இரண்டு. எந்தப் பக்கம் இறங்கலாம் என்பது காற்றைப் பொறுத்தது. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில், ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை, தெற்குக் கடல் எழும்பி அடிக்கும், வடக்குக் கடல் குளம் போலக் கிடக்கும். ஐப்பசி பிறந்து வாடை திரும்பிவிட்டால் வடக்குப் பக்கம்தான் கலங்கும். அதனால் அட்டையில் கடலுக்கென்று நிரந்தரமாக எதையும் அச்சடிக்காதீர்கள். நான் இரண்டு சீட்டு எழுதி வைத்திருக்கிறேன், காற்று மாறும்போது சீட்டையும் மாற்றிச் செருகுவேன். அதில் இரண்டு வரிதான்: இந்த வாரம் எந்தப் பக்கம் கால் நனைக்கலாம், கரையில் சொறி ஒதுங்கிக் கிடந்தால் செத்தது மாதிரி இருந்தாலும் தொட வேண்டாம். சொறி என்றால் புரியாது, ஜெல்லி மீன் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

ராமேஸ்வரம் போகிறவர்களுக்காக ஒரு பத்தி. ஸ்படிக லிங்க தரிசனம் காலை 5 மணிக்கு, அதனால் இங்கிருந்து 4 மணிக்கே கிளம்ப வேண்டும். தீர்த்தமாடுகிறவர்கள் முதலில் அக்னி தீர்த்தத்தில் முங்கிவிட்டுக் கோயிலுக்குள் 22 தீர்த்தம் ஆடுவார்கள், அப்புறம் ஈரத்துணியோடு சந்நிதிக்கு விடமாட்டார்கள் என்பதால் மாற்றுத்துணி கையில் இருக்க வேண்டும். திரும்பி வந்ததும் அந்தத் துணியை நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசி மொட்டைமாடிக் கொடியில் போடச் சொல்லுங்கள், அதற்கு ஒரு வாளி நல்ல தண்ணீர் நீங்களே கொடுத்துவிடுங்கள். கடல் உப்பு ஏறிய துணி அறைக்குள் காயவே காயாது, நாற்காலியில் போட்டால் மெத்தையும் சேர்ந்து பிசுபிசுக்கும். தனுஷ்கோடிக்குப் பொழுது சாய்ந்தபின் விடமாட்டார்கள் என்பதையும் இங்கேயே சேர்த்துவிடுங்கள், மதியச் சாப்பாட்டை முடித்துத் தூங்கி எழுந்து போய் ஏமாந்து திரும்பியவர்கள் நிறைய.

தாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் காற்றில் சாதாரணத் தாள் ஒரே மாதத்தில் நெளிந்துவிடும், இங்க்ஜெட் மை பரவிவிடும். லேசர் அச்சு எடுத்து லேமினேஷன் போட்டுவிடுங்கள், ஓரத்தில் அரை விரல் அளவு பிளாஸ்டிக் விட்டு வெட்டச் சொல்லுங்கள், தாளை ஒட்டி வெட்டினால் அந்த வழியாக ஈரம் ஏறும். வைக்கும் இடம் தலையணை அல்ல. நான் அங்கே வைத்தபோது பையை இறக்கியதும் எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டார்கள். இப்போது கெட்டில் மேல் சாய்த்து வைக்கிறேன். தண்ணீர் ஊற்ற வேண்டுமென்றால் அட்டையைக் கையில் எடுத்துத்தான் ஆக வேண்டும்.