மழைக்கோட்டும் குடையும்: பூச்சு போகாமல் துவைப்பதும் பூஞ்சைப் புள்ளி எடுப்பதும் – கேள்வி பதில்

கேள்வி: மழைக்கோட்டை வாரம் தவறாமல் நல்ல சோப்புத்தூள் போட்டுத் துவைக்கிறேன். பார்க்கச் சுத்தமாக இருக்கிறது. ஆனால் முன்பு போல் தண்ணீர் உருண்டு ஓடாமல் துணி நனைந்துவிடுகிறது. பூச்சு போய்விட்டதா?

பதில்: பெரும்பாலும் போயிருக்காது, சோப்பு அதை மூடியிருக்கும். நைலான், பாலியஸ்டர் கோட்டுகளில் மழையைத் தடுப்பவை இரண்டு. வெளிப்புறத்தில், தாமரை இலையில் விழுந்தது போலத் தண்ணீரை உருட்டிவிடும் மெல்லிய பூச்சு ஒன்று. உட்புறத்தில், தண்ணீர் ஊடுருவாதபடி தடுக்கும் பாலியூரித்தேன் படலம் இன்னொன்று. சோப்புத்தூளில் அழுக்கை இழுப்பதற்காகச் சேர்க்கும் பொருளுக்குத் தண்ணீரைத் துணியோடு ஒட்டவைக்கும் குணம் உண்டு. சரியாக அலசாவிட்டால் அது வெளிப்பூச்சின் மேல் தங்கி, அடுத்த மழையில் தண்ணீரைத் தானே அழைத்துக்கொள்கிறது. துணியை மிருதுவாக்கக் கடைசி அலசலில் ஊற்றும் திரவம் இதைவிட மோசமானது, ஏனென்றால் அது துணியில் தங்குவதற்காகவே செய்யப்பட்டது.

தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. காய்ந்த கோட்டின் தோள்பட்டையில் ஒரு கரண்டித் தண்ணீரைத் தெளித்து ஒரு நிமிடம் காத்திருங்கள். தண்ணீர் முத்துப்போல் நின்றால் பூச்சு நலமாக இருக்கிறது. துணி கறுத்துப் பரவினால், கோட்டைச் சோப்பே இல்லாத வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, நன்றாக அமுக்கிப் பாருங்கள். எத்தனையோ கோட்டுகளில் அந்தத் தண்ணீரில் நுரை எழும்புவதைக் கண்டிருக்கிறேன்; எழும்பினால் காரணம் கையோடு கிடைத்துவிட்டது. நுரை நிற்கும் வரை தண்ணீரை மாற்றி அலசி, உலர்த்தி, அதே தோள்பட்டையில் மீண்டும் தெளித்துப் பாருங்கள். அதன் பிறகும் பரவினால்தான் பூச்சு தேய்ந்துவிட்டது என்று சொல்லலாம்.

கேள்வி: அப்படியானால் மழைக்கோட்டுக்குச் சோப்பே ஆகாது என்றுதானே அர்த்தம்? நான் ஐந்து வருடமாகத் தண்ணீர் ஊற்றி உதறித்தான் மாட்டுகிறேன். கழுத்துப் பட்டை மட்டும் கறுத்துப்போய் அங்கேதான் முதலில் நனைகிறது.

பதில்: பாதி சரி. சோப்பு தங்கினால் கெடுதல் என்பது போலவே, உடம்பின் எண்ணெய்ப் பசை தங்கினாலும் கெடுதல்தான். கழுத்து, மணிக்கட்டு, பை வாய் ஆகிய இடங்களில் அந்தப் பசையோடு தூசும் சேர்ந்து பூச்சை மூடுகிறது. அதுவே பிறகு பூஞ்சைக்கு உணவாகவும் ஆகிறது. வெறும் தண்ணீரால் அது போகாது.

ஒரு வாளியில் கை பொறுக்கும் அளவுக்கும் குறைவான சூட்டில், 30 டிகிரியை ஒட்டிய தண்ணீர் சுமார் பத்து லிட்டர் எடுத்து, வாசனையோ மிருதுவாக்கியோ பிளீச்சோ சேராத மென்மையான திரவச் சோப்பு இரண்டு தேக்கரண்டி கலந்தால் போதும். ஜிப்பையும் ஒட்டுப்பட்டிகளையும் மூடிவிட்டுக் கோட்டை முக்கி, பத்து நிமிடம் கையால் அமுக்கி அமுக்கி எடுங்கள். கழுத்துப் பட்டையை மட்டும் மென்மையான பஞ்சால் தேயுங்கள். பிரஷ்ஷால் உராய்வதும், துணியை முறுக்கிப் பிழிவதும் உள்படலத்தில் கீறலையும் மடிப்பு வெடிப்பையும் உண்டாக்கும். பிறகு மூன்று முறையாவது அலசுங்கள். நான் அலசலில்தான் நேரத்தைச் செலவிடுவேன், தேய்ப்பதில் அல்ல.

கேள்வி: வாஷிங் மெஷினில் போடலாமா? கையால் செய்ய நேரமில்லை.

பதில்: லேபிளில் அனுமதி இருந்தால் மென்மையான சுழற்சியில் போடலாம், ஆனால் பிழியும் வேகச் சுழற்சியை நிறுத்திவிடுங்கள். தண்ணீர் புகாத துணி மெஷினுக்குள் பை போல உப்பித் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டிரம் வேகமெடுக்கும்போது அந்தக் கனம் திடீரென ஒரு பக்கம் சாய்ந்து மெஷின் குலுங்கி உடைந்த சம்பவங்கள் உண்டு. பிவிசி கோட்டை மெஷினில் போடவே வேண்டாம். விரித்துப் போட்டு ஈரத் துணியால் துடைத்தால் போதும். சோப்புத்தூள் பெட்டியில் பழைய எச்சம் இருந்தால் முதலில் கழுவிவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் போடாத சோப்பும் வந்து சேரும்.

கேள்வி: கோட்டை ஈரத்தோடு பைக்குள் மடித்து வைத்து மறந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து எடுத்தால் கழுத்திலும் தோள் தையலிலும் கருப்புப் புள்ளிகள், நாற்றம் வேறு. பிளீச் போட்டால் உடனே போய்விடும் என்கிறார்கள். போடட்டுமா?

பதில்: வேண்டாம். குளோரின் பிளீச் நைலானைப் பழுப்பாக்கி வலுவிழக்கச் செய்யும், உள்படலத்தையும் அரிக்கும். புள்ளி மறைந்தாலும் கோட்டு மிச்சமிருக்காது.

இதே நிலையில் வந்த ஒரு நைலான் கோட்டை நான் எப்படிச் சீர்செய்தேன் என்று சொல்கிறேன். முதலில் நனைக்கவில்லை. வெளியில், காற்றோட்டமான இடத்தில், மூக்கை மூடிக்கொண்டு வெயிலில் நன்றாகக் காயவைத்து, மேலே படிந்த மாவை மென்மையான பிரஷ்ஷால் உதறி எடுத்தேன். ஈரத்தோடு தேய்த்தால் அந்த மாவு நெசவுக்குள் இறங்கும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்பவர்கள்தான் பெரும்பாலும் கறையை நிலைநிறுத்திவிடுகிறார்கள். பிறகு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து, துணியை அதில் நனைத்துப் புள்ளிகள் மேல் வைத்து ஒரு மணி நேரம் விட்டேன். அதன் பின் மேலே சொன்ன சோப்புத் தண்ணீரில் துவைத்து, அலசி, நிழலில் காயவைத்தேன். நாற்றம் போயிற்று, புள்ளிகளில் பாதி போயின.

மிச்சமிருந்தவற்றுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. முதலில் கோட்டின் உள்மடிப்பில் ஒரு சொட்டு வைத்து, பத்து நிமிடம் கழித்து வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்தேன். நிறம் துணியில் இறங்கவில்லை, மடிப்பும் வெளுக்கவில்லை. பிறகு பஞ்சில் தோய்த்துப் புள்ளியில் மட்டும் ஒற்றி, பத்து நிமிடத்தில் கழுவினேன், இரண்டு முறை. தோளில் இருந்தவை மங்கி மறைந்தன. தையலை ஒட்டிய நாலைந்து சாம்பல் புள்ளிகள் இன்றும் இருக்கின்றன. பூஞ்சை செத்தாலும் அது விட்டுச்சென்ற நிறம் இழைக்குள்ளே தங்கும். அதைத் துரத்திக்கொண்டே போனால் படலம்தான் தேயும். நாற்றமில்லை, புள்ளி பெரிதாகவில்லை என்றால் அங்கே நிறுத்திவிடுவதே நல்லது. மூன்று வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். புதிதாக ஒரு புள்ளியேனும் வந்திருந்தால் உள்ளே ஈரம் இன்னும் இருக்கிறது என்று பொருள்.

கேள்வி: வினிகர் கொல்லாத பூஞ்சையும் உண்டே? அதனால்தான் நான் வினிகரோடு பிளீச்சையும் கலந்து தெளிக்கிறேன்.

பதில்: நீங்கள் சொல்லும் முதல் செய்தி சரி, வினிகர் எல்லா வகைப் பூஞ்சையையும் கொன்றுவிடும் என்று உறுதி தர முடியாது. இரண்டாவதை இன்றே நிறுத்திவிடுங்கள். வினிகரும் பிளீச்சும் கலந்தால் குளோரின் வாயு வரும்; மூடிய குளியலறையில் அது நுரையீரலுக்கு உண்மையான ஆபத்து. ஒன்றன் பின் ஒன்றாகப் போடுவதும் இதே கணக்கில்தான் சேரும், ஏனென்றால் துணியில் முந்தையது மிச்சமிருக்கும்.

கேள்வி: குடைக்கும் இதே முறைதானா? என் குடையின் உள்பக்கம் வெள்ளிப் பூச்சு இருக்கிறது, மடிப்புகளில் பூஞ்சை.

பதில்: துணிக்கு ஏறக்குறைய இதேதான், ஆனால் குடையில் கம்பிகள் இருக்கின்றன. வினிகர் எஃகுக் கம்பிகளில் பட்டுத் தங்கினால் துரு பிடிக்கும். அந்தத் துரு ஒழுகித் துணியில் பழுப்புக் கோடு விழும், அது பூஞ்சைப் புள்ளியைவிடப் பிடிவாதமானது. ஆகவே குடையை முழுவதும் விரித்து, வினிகர் கலந்த தண்ணீரில் தோய்த்த துணியால் ஒவ்வொரு மடிப்பாக ஒற்றி, உடனே நல்ல தண்ணீரால் துடைத்து, கம்பி மூட்டுகளை உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்தபின் மூட்டுக்கு ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் போதும். அது துணியில் படக்கூடாது. வெள்ளிப் பூச்சின் பக்கம் அழுத்தித் தேய்க்காதீர்கள், மடிப்பு விளிம்புகளில்தான் அது முதலில் உதிரும். குடையைப் பாதி விரித்த நிலையில் காயவைத்தால் மடிப்புக்குள் காற்று போகாது; முழுவதும் விரித்து, கடும் வெயில் படாத இடத்தில், கம்பி நுனிகள் வரை காயும்படி வையுங்கள்.

கேள்வி: நீங்கள் சொல்லும் பூஞ்சை எனக்கும் வந்திருக்கிறது. கோட்டின் உள்ளே வெள்ளையாகப் பொருக்கு உரிகிறது, கை வைத்தால் பசை போல ஒட்டுகிறது. வினிகர் வைத்தேன், இன்னும் மோசமாகிவிட்டது.

பதில்: வருத்தமான செய்திதான்: இது பூஞ்சையல்ல. ஈரமும் சூடும் பல ஆண்டுகள் சேர்ந்து பாலியூரித்தேன் படலத்தையே சிதைத்திருக்கின்றன. பூஞ்சைப் புள்ளி தொட்டால் மாவாக வரும், ஈரநாற்றம் அடிக்கும். இது பசையாகவும் செதிலாகவும் வரும், நாற்றமும் வேறு மாதிரி புளித்திருக்கும். இதை வீட்டில் சரிசெய்ய வழியில்லை. துவைப்பதை நிறுத்திவிடுங்கள், ஒவ்வொரு துவைப்பும் உரிதலைக் கூட்டும்.

கேள்வி: நான் மலையேற்ற உடைகளைப் பழுதுபார்ப்பவன். துவைத்துக் காய்ந்தபின் குறைந்த சூட்டில் உலர்த்தியில் 20 நிமிடம் சுற்றினால் வெளிப்பூச்சு மீள்கிறது என்பது என் அனுபவம். நீங்கள் ஏன் நிழலையே சொல்கிறீர்கள்? ஃப்ளூரின் இல்லாத புதுப் பூச்சுகளுக்கு எண்ணெய்ப் பசை ஆகாது என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: இரண்டையும் ஏற்கிறேன். சோப்பு எச்சம் முழுவதும் போன பிறகு மிதமான சூடு பட்டால், கசங்கிப் படுத்திருந்த பூச்சு நிமிர்ந்து மீண்டும் தண்ணீரை உருட்டுகிறது. எச்சம் இருக்கும்போதே சூடு காட்டினால் அதையும் சேர்த்துப் பதித்துவிடுவோம் என்பதால்தான் முதலில் நிழலைச் சொன்னேன். லேபிள் அனுமதிக்காத கோட்டுக்கும், பிவிசிக்கும், குடைக்கும் சூடு கூடாது. உலர்த்தி இல்லாதவர்கள் மேலே ஒரு துணியைப் போட்டு, நீராவி இல்லாமல், குறைந்த சூட்டில் இஸ்திரிப் பெட்டியை நகர்த்திக்கொண்டே தேய்க்கலாம். ஆனால் தையல்களை உள்ளே மூடியிருக்கும் பட்டிகளின் மேல் பெட்டி நின்றுவிட்டால் அவை கழன்றுவிடும்.

ஃப்ளூரின் இல்லாத பூச்சுகள் தண்ணீரைத் தடுத்தாலும் எண்ணெயைத் தடுப்பதில்லை, அதனால் கழுத்தும் கையும் சீக்கிரம் நனையத் தொடங்குகின்றன. அவற்றை இன்னும் அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கும். எத்தனை துவைப்புக்கு ஒருமுறை தெளிப்புப் பூச்சு புதிதாகக் கொடுக்க வேண்டும் என்பதில் நீங்களும் நானும் ஒத்துப்போகமாட்டோம் என நினைக்கிறேன். நான் எண்ணிக்கை வைப்பதில்லை. தோள்பட்டையில் கரண்டித் தண்ணீர் பரவுகிற நாளில்தான் தெளிக்கிறேன்.