ஆப்ஷன் தரவில் பூஜ்ய பிட் வரிசைகளை எப்போது நீக்கலாம், எப்போது கூடாது

கேள்வி: ஆராய்ச்சிக்காக எஸ்பிஎக்ஸ் ஆப்ஷன்களின் தினசரி பிட், ஆஸ்க் தரவு எடுத்திருக்கிறேன். பழைய விலை அப்படியே நிற்கும் வரிசைகள், பிட் ஆஸ்க்கைவிட அதிகமாக இருக்கும் வரிசைகள், பிட் பூஜ்யமாக இருப்பவை எல்லாம் கலந்து கிடக்கின்றன. மூன்றையும் நீக்கிவிட்டால் போதுமா?

பதில்:

மூன்றையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். முதல் இரண்டும் பெரும்பாலும் தரவின் கோளாறு. பூஜ்ய பிட் அப்படியல்ல. பல நேரம் அது சந்தையே தரும் செய்தி: இந்தக் கான்ட்ராக்ட்டை யாரும் காசு கொடுத்து வாங்கத் தயாராக இல்லை. அதை நீக்கினால் சுத்தம் செய்ததாகத் தோன்றும், ஆனால் உங்கள் முடிவே மாறிப்போகும். அதனால் எதையும் உடனே அழிக்காமல் முதலில் குறி மட்டும் போடுங்கள். நெடுவரிசைப் பெயர்கள் ஆப்ஷன்மெட்ரிக்ஸ் பாணியில் இருப்பதாக வைத்துக்கொண்டால்:

```python
d["no_quote"] = (d.best_bid <= 0) & (d.best_offer <= 0)
d["no_ask"]   = (d.best_bid > 0) & (d.best_offer <= 0)
d["crossed"]  = (d.best_offer > 0) & (d.best_bid > d.best_offer)
d["zero_bid"] = (d.best_bid == 0) & (d.best_offer > 0)
```

இரண்டாவது வரியைக் கவனியுங்கள். ஆஸ்க் பதிவாகாமல் 0 என்று விழுந்திருந்தால், `best_bid > best_offer` என்ற வெறும் சோதனை அதையும் குறுக்கு விலை என்று எண்ணிவிடும். அது குறுக்கு விலை அல்ல, ஒரு பக்கம் விடுபட்டுப்போன வரிசை.

குறுக்கு விலைகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பல எக்ஸ்சேஞ்சுகளில் வியாபாரமாகும் அமெரிக்கப் பங்கு ஆப்ஷன்களில், ஓர் இடத்துப் பிட் இன்னோர் இடத்து ஆஸ்க்கை ஒரு கணம் தாண்டுவது உண்டு. எஸ்பிஎக்ஸ் சிபோவில் மட்டுமே வியாபாரமாவது. அங்கே நாள் முடிவுப் பதிவில் குறுக்கு விலை தென்பட்டால், பிட்டும் ஆஸ்க்கும் வேறு வேறு நேரத்தில் எடுக்கப்பட்டவை என்று சந்தேகிக்க வேண்டும். சிலர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுச் 'சரி' செய்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். எந்தப் பக்கம் பழையது என்பது நமக்குத் தெரியாது. அந்த வரிசையை விட்டுவிடுங்கள், அப்புறம் குறுக்கு விலைகளை நாள்வாரியாக எண்ணிப் பாருங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் கவலையில்லை. ஒரே நாளில் குவிந்திருந்தால் அந்த நாளின் பதிவு முழுவதும் சந்தேகத்துக்குரியது. ஏனென்றால் நேரம் தவறிய விலைகளில் ஒரு பகுதிதான் குறுக்காக வந்து மாட்டும், மற்றவை பார்க்க ஒழுங்காகவே இருக்கும்.

பிட்டும் ஆஸ்க்கும் சமமாக இருப்பது வேறு விஷயம். நாள் முடிவுத் தரவில் நான் அதையும் விலக்குவேன், ஆனால் தனிக் குறியோடு.

இனி பழைய விலைகள். அன்று வால்யூம் பூஜ்யம் என்றால் விலை பழையது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கடைசி வியாபார விலைக்கு அது பொருந்தும், பிட் ஆஸ்க்குக்குப் பொருந்தாது. ஒரு கான்ட்ராக்ட்கூடக் கைமாறாத நாளிலும் மார்க்கெட் மேக்கர் குறியீடு நகர நகரத் தன் விலையை மாற்றிக்கொண்டே இருப்பார். (என்எஸ்இயின் தினசரி பாவ்காப்பியில் பிட், ஆஸ்க் கிடையாது. நிஃப்டிக்கு அந்தக் கோப்பை மட்டும் வைத்திருப்பவர்கள் இங்கே சொல்லும் சோதனைகளைச் செய்ய முடியாது. குறைந்தது வியாபாரம் நடக்காத வரிசைகளின் முடிவு விலையையாவது நம்பாமல் இருக்க வேண்டும்.)

நேற்றைய பிட்டும் ஆஸ்க்கும் இன்றும் அப்படியே இருக்கின்றன என்பதும் தனியாகப் போதாது. குறியீடு 40 புள்ளி நகர்ந்திருக்கிறது என்று வையுங்கள். டெல்டா 0.55 உள்ள புட்டின் விலை ஏறக்குறைய 22 புள்ளி மாறியிருக்க வேண்டும். அது மாறாமல் நின்றால் பழைய விலைதான். ஆனால் டெல்டா 0.001 உள்ள தூரத்துப் புட்டுக்கு எதிர்பார்க்கும் மாற்றமே 0.04. குறைந்தபட்ச விலைப்படி 0.05 என்னும்போது அது 0.05 / 0.10 என்றே நிற்பது இயல்பு. ஆக, எதிர்பார்த்த மாற்றம் ஸ்ப்ரெட்டையும் ஒரு விலைப்படியையும் சேர்த்த அளவைத் தாண்டியும் விலை அசையாதிருந்தால் மட்டும் குறி போடுங்கள்.

இதைவிட எனக்கு நம்பிக்கை தரும் சோதனை புட்-கால் சமன்பாடு. எஸ்பிஎக்ஸ் ஐரோப்பிய வகை என்பதால் அது சமன்பாடாகவே நிற்கும். ஒவ்வொரு ஸ்ட்ரைக்கிலும் F = K + (C − P)/D என்று ஃபார்வர்ட் விலையைக் கணக்கிடலாம். இதில் K ஸ்ட்ரைக், C காலின் விலை, P புட்டின் விலை, D எக்ஸ்பைரி வரைக்குமான வட்டித் தள்ளுபடிக் காரணி. ஒரே எக்ஸ்பைரிக்கு எல்லா ஸ்ட்ரைக்கும் ஒரே F தர வேண்டும். பிட், ஆஸ்க் இருப்பதால் F ஓர் எண்ணாக வராது, ஓர் இடைவெளியாக வரும்: கீழ் எல்லைக்குக் காலின் பிட்டும் புட்டின் ஆஸ்க்கும், மேல் எல்லைக்குக் காலின் ஆஸ்க்கும் புட்டின் பிட்டும்.

கணக்குக்காக நான் அமைத்த ஒரு உதாரணம், D = 0.996:

```
K      கால்           புட்           F இடைவெளி
5000   98.1 / 98.7   78.2 / 78.8   5019.4 – 5020.6
5025   83.7 / 84.3   88.6 / 89.2   5019.5 – 5020.7
5050   70.6 / 71.2   91.6 / 92.4   5028.1 – 5029.5
```

முதல் இரண்டும் ஒன்றையொன்று தழுவுகின்றன, மூன்றாவது எட்டு, ஒன்பது புள்ளி தள்ளி நிற்கிறது. அந்த வரிசையில் குறுக்கு விலை இல்லை, ஸ்ப்ரெட்டும் அளவானதுதான், ஸ்ட்ரைக் ஏற ஏறப் புட்டின் விலையும் ஏறுகிறது. மேலோட்டமான சோதனை எதுவும் இதைப் பிடிக்காது. சரி, தப்பு காலிலா புட்டிலா? மிட் விலைகளைப் பாருங்கள். கால் 98.4, 84.0, 70.9 என்று இறங்குகிறது, அதாவது 14.4, பிறகு 13.1. இறக்கம் சீராகக் குறைவதால் அதில் குறையில்லை. புட் 78.5, 88.9, 92.0 என்று ஏறுகிறது. ஏற்றம் 10.4, பிறகு 3.1. ஸ்ட்ரைக் உயர உயர இந்த ஏற்றம் குறையக் கூடாது. ஆகவே பழையது புட். சமன்பாட்டின்படி அது 100.8 அருகில் இருந்திருக்க வேண்டும். புட்டை மட்டும் விலக்கிவிட்டுக் காலை வைத்துக்கொள்ளலாம்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. நியூயார்க்கில் பங்குச் சந்தை மாலை 4:00 மணிக்கு மூடும், எஸ்பிஎக்ஸ் ஆப்ஷன் 4:15 வரை ஓடும். ஆப்ஷன்மெட்ரிக்ஸ் 2008 மார்ச்சிலிருந்து 3:59 மணி விலையைப் பதிவுசெய்கிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் குறியீட்டின் முடிவு விலையோடு ஆப்ஷன் விலையைப் பொருத்தினால், நல்ல வரிசைகள்கூட ஆர்பிட்ராஜ் எல்லையை மீறுவதாகத் தோன்றும். குறியீட்டு விலையை விட்டுவிட்டு, ஆப்ஷன்களிலிருந்தே எடுத்த F-இன் இடைநிலை மதிப்பை வைத்துக்கொண்டால் இந்த நேரச் சிக்கலின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். எக்ஸ்பைரி முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அது தனி வரிசையின் கோளாறு அல்ல, நீங்கள் எடுத்த D-யையோ பதிவு நேரத்தையோ சரிபாருங்கள்.

இப்போது பூஜ்ய பிட். 0 / 0.05 என்று இருக்கும் தூரத்துப் புட்டும், 0 / 4.80 என்று இருக்கும் புட்டும் ஒன்றல்ல. முதலாவதன் மதிப்பு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று நமக்குத் தெரியும். இரண்டாவதில் மார்க்கெட் மேக்கர் ஒதுங்கி நிற்கிறார், 2.40 என்ற மிட்டுக்கு எந்தப் பொருளும் இல்லை. பணத்துக்குள் இருக்கும் ஆப்ஷனில் பிட் பூஜ்யம் என்றால் அது விலையே அல்ல, பதிவு விடுபட்டிருக்கிறது.

வாலட்டிலிட்டி வளைவு வரையவோ விக்ஸ் போன்ற அளவு கட்டவோ போகிறீர்கள் என்றால், பூஜ்ய பிட்டை நீக்குவது நியாயம். சிபோவின் விக்ஸ் விதியும் அதைத்தான் செய்கிறது: பூஜ்ய பிட் உள்ள ஸ்ட்ரைக்கை விலக்கும், அடுத்தடுத்து இரண்டு ஸ்ட்ரைக்கில் பூஜ்ய பிட் வந்தால் அதற்கு அப்பால் எதையும் எடுக்காது. ஆனால் பிட் இருக்கிறது என்பதாலேயே மிட் நல்லதாகிவிடாது. 2024 ஆகஸ்ட் 5 அன்று சந்தை திறக்கும் முன் விக்ஸ் 65.73 வரை போனது, அன்று முடிந்தது 38.57-இல். காலையில் தூரத்துப் புட்களின் ஸ்ப்ரெட் மிக அகன்று மிட் மேலே இழுக்கப்பட்டது அந்த ஏற்றத்துக்கு முக்கியக் காரணம். ஆகவே பூஜ்ய பிட் விதியோடு, மிட்டுடன் ஒப்பிட்ட ஸ்ப்ரெட் அளவுக்கும் ஒரு வரம்பு வையுங்கள்.

லாப விகிதம் கணக்கிடுகிறீர்கள் என்றால் நிலைமை தலைகீழ். வாங்கும் நாளில் பூஜ்ய பிட் உள்ளதைத் தவிர்க்கலாம், அது அன்றே தெரிந்த தகவல். விற்கும் நாளில் தவிர்க்கக் கூடாது. பத்து தூரத்துக் கால்களை ஒவ்வொன்றும் 0.50-க்கு வாங்கினீர்கள். மாதம் கழித்து மூன்று 1.20-இல் இருக்கின்றன, ஏழு 0 / 0.05 ஆகிவிட்டன. பூஜ்ய பிட்டை நீக்கும் விதியை எல்லா நாளுக்கும் ஓட்டினால் மூன்றுதான் மிஞ்சும், சராசரி லாபம் 140%. ஏழையும் பிட் விலையான பூஜ்யத்தில் கணக்கிட்டால் 28% நஷ்டம். மிட்டான 0.025-இல் கணக்கிட்டால் 24.5% நஷ்டம். மிட்டா பிட்டா என்பதில் சிறு வித்தியாசம்தான். நீக்கினீர்களா இல்லையா என்பதில்தான் லாபம் நஷ்டமே மாறுகிறது.

இந்தத் தப்பு மறைமுகமாகவும் நுழையும். `impl_volatility` காலியாக உள்ள வரிசைகளைத் `dropna()` போட்டு விலக்குவது பலருக்கும் வழக்கம். மிட் உள்ளார்ந்த மதிப்புக்குக் கீழே போனால் அந்த மதிப்பு கணக்கிட முடியாமல் காலியாகும். விற்கும் நாளில் அதை ஓட்டினால், நீங்கள் எழுதாத ஒரு விலை வடிகட்டி அங்கே வேலை செய்கிறது. இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: வாங்கும் நாளில் தேர்ந்த கான்ட்ராக்ட்களை எண்ணுங்கள், விற்கும் நாளில் விலை கிடைத்தவற்றை எண்ணுங்கள். விடுபட்டவை பெரும்பாலும் நஷ்டமான பக்கத்தில் இருந்தால் வடிகட்டிதான் காரணம்.

முடிந்தால் எக்ஸ்பைரி வரை வைத்திருப்பதாக ஆய்வை அமையுங்கள். அப்போது விற்கும் நாளின் பிட்டே தேவையில்லை, செட்டில்மென்ட் மதிப்பிலிருந்து கிடைக்கும் தொகையே விலை. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: மூன்றாவது வெள்ளிக்கிழமை முடியும் வழக்கமான எஸ்பிஎக்ஸ் கான்ட்ராக்ட்டின் வியாபாரம் வியாழனோடு நின்றுவிடும், மதிப்பு வெள்ளி காலைத் தொடக்க விலைகளிலிருந்து வரும். வாராந்தரக் கான்ட்ராக்ட்டுக்கு அன்றைய முடிவு விலை. `am_settlement` நெடுவரிசையைப் பார்த்து இரண்டையும் பிரித்து வையுங்கள்.